மூன்றாம் வரிசை, ஏழாவது கொக்கி

என் பெயரை எழுதக் கற்றுக்கொள்வதற்கு இருபது வருடம் முன்பே என் எண் எனக்குத் தெரியும். 2264. பித்தளை வில்லையில் பொறித்துக் கொடுத்திருந்தார்கள். காலையில் சுரங்க வாசலில் இருக்கும் பலகையிலிருந்து அவரவர் வில்லையை எடுத்துக்கொண்டு இறங்குவோம். வேலை முடிந்து மேலே வந்தால் அதே கொக்கியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போவோம். எல்லாரும் போன பிறகு பலகையில் ஒரு கொக்கி காலியாக இருந்தால், ஒரு ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று பொருள். எழுத்துத் தெரியாதவனுக்கும் அது புரியும்.

பிட்டோம் ஊரில் எங்கள் நிலக்கரிச் சுரங்கத்தை மூடியபோது எனக்கு நாற்பது வயது. வேறு வேலை வேண்டுமென்றால் எழுதப் படிக்க வேண்டும் என்று மாலைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பள்ளியில் பாதி கற்றேன். மீதியை ஒரு கணினி விளையாட்டில் கற்றேன். அதில் ஆட்கள் பேசுவார்கள், பேசுவது கீழே எழுத்தாகவும் ஓடும். காதால் கேட்டுக்கொண்டே கண்ணால் பிடித்துக்கொள்ளலாம். ஆசிரியை போல அது பெருமூச்சு விடாது. எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் சொல்லும்.

அந்த விளையாட்டின் பெயர் 'எழுநூறாவது மட்டம்'. இரண்டாயிரமாவது வருடம் வந்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் ஏழு பேர் சேர்ந்து செய்தது, பிறகு அந்த நிறுவனமும் கலைந்துபோயிற்று. நீங்கள் மீட்புப் படைக்காரர். எழுநூறு மீட்டர் ஆழத்தில் அகப்பட்டவர்களைத் தேடிப் போக வேண்டும். அவ்வளவுதான் கதை. ஆனால் இந்தப் பக்கத்தில் அதை விளையாடாத வீடு குறைவு.

இப்போது எனக்கு அறுபத்திரண்டு. பார்சல் கிடங்கில் காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரை பெட்டி தூக்குகிறேன். என் மனைவி ட்ரூடா ஜெர்மனியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதத்துக்கென்று போனாள். பதினோரு வருடம் ஆயிற்று. கிழவி செத்தே ஐந்து வருடம். ட்ரூடா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். பண்டிகைக்குப் பண்டிகை பேசுவாள். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடுவதற்கும் ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தால் சூப்பைச் சுடவைத்துக் குடித்துவிட்டுக் கணினி முன் உட்காருவேன். செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மூன்று பேர் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பேசுவோம். நான், போக்னா, இரெனெயுஷ். போக்னா பொஸ்னான் நகரில் பல் மருத்துவரிடம் உதவியாளர், எங்கள் மூவருக்கும் தலைவி. இரெனெயுஷ் ஷ்செச்சினில் லிஃப்ட் பழுது பார்ப்பவன். நேரில் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. வாரத்தில் என்னை யாராவது கூப்பிட்டுப் பேசினார்கள் என்றால் அது அந்த இரண்டு சாயங்காலங்களில்தான்.

எங்கள் வேலை இது. விளையாட்டில் சுவர், கதவு, ஆள் எல்லாமே உள்ளே வெறும் பெட்டிதான். அதன் மேல் ஒட்டிய படம்தான் அதைச் செங்கல் என்றும் துரு என்றும் காட்டும். அந்தப் படத்தைத்தான் டெக்ஸ்சர் என்கிறோம். அந்தக் காலத்து டெக்ஸ்சர் எல்லாம் கைக்குட்டை அளவு. இன்றைய பெரிய திரையில் இழுத்துப் போட்டால் களிமண்ணைப் பூசினது மாதிரி இருக்கும். அதை ஏஐ கருவியில் போட்டுத் துலக்கி, நான்கு மடங்கு பெரிதாக்கி, பழையதன் இடத்தில் மாட்டுகிறோம். மொத்தம் இரண்டாயிரத்து முன்னூற்றுப் பதினொரு படம். மூன்று வருடம்.

மாட்டுவதற்கு இரெனெயுஷ் ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தான். விளையாட்டு ஒரு படத்தைத் திரைக்கு அனுப்பும்போது, அதை நடுவழியில் நிறுத்தி, புள்ளிகளை எல்லாம் சேர்த்து ஒரு எண் கணக்கிடும். கைரேகை மாதிரி, ஒரு படத்துக்கு ஒரு எண். எங்கள் ஃபோல்டரில் அந்த எண்ணைப் பெயராகக் கொண்ட கோப்பு இருந்தால் பழையதை விட்டு அதைப் போடும். இல்லாவிட்டால் பழையதையே விட்டுவிடும்.

"ஒரு எழுத்து மாத்திப் பேர் வெச்சாலும் போச்சு பெரியவரே. அப்புறம் எனக்கு ஃபோன் பண்ணி அழக்கூடாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டான்.

எனக்கு அது நல்லதாயிற்று. பெயர் எல்லாம் எண். எண்ணில் நான் தப்புவதில்லை.

துலக்குகிற வேலைக்கு வரிசை உண்டு. அந்தக் காலத்தில் நிறம் குறைவு. அதனால் ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் நடுவே பொடிப்புள்ளிகளைத் தூவி, கண்ணை ஏமாற்றுவார்கள். அதைத் துடைக்காமல் பெரிதாக்கினால் கருவி அந்தப் பொடியை நிஜம் என்று நம்பி, வழவழப்பான சுவரில் மணல் அப்பிவிடும். ஆகவே முதலில் அதே அளவில் வைத்துத் துடைப்பது, பிறகு பெரிதாக்குவது. ஒன்றோடொன்று ஒட்டி ஓடும் செங்கல் படமென்றால் நான்கு ஓரத்திலும் எதிர் ஓரத்தின் துண்டை ஒட்டிவைத்துப் பெரிதாக்கி, பிறகு வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் சுவர் முழுக்கத் தையல் தெரியும். கம்பி வலை மாதிரி ஓட்டை உள்ள படத்துக்கு, எது ஓட்டை என்று சொல்லும் கறுப்பு வெள்ளைப் பகுதியைத் தனியே பிரித்துச் செய்ய வேண்டும்.

கருவியும் இரண்டு வகை. ஒன்று சொன்னதைச் செய்யும், இருப்பதைப் பெரிதாக்கிக் கூர்மையாக்கும். இன்னொன்று கற்பனை செய்யும். மங்கலாக இருப்பதைப் பார்த்து 'இது இன்னதாகத்தான் இருக்கும்' என்று தானே வரையும். எவ்வளவு சுதந்திரம் கொடுப்பது என்பதற்கு ஒரு தள்ளுகோல் உண்டு.

"கால் பங்குக்கு மேல தள்ளாதீங்க" என்பாள் போக்னா. "அதுக்கு மேல போனா அது நம்ம விளையாட்டு இல்ல, அது கண்ட கனவு."

நான் ஒரே ஒரு படத்துக்குத் தள்ளினேன்.

வில்லைப் பலகை. விளையாட்டு தொடங்குவதே அந்த அறையில்தான். எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு கொக்கி. ஒரு வில்லைக்குப் பதினான்கு புள்ளி அகலம்கூடக் கிடையாது. சொன்னதைச் செய்யும் கருவி அதைப் பெரிதாக்கி, வரிசை வரிசையாக வெண்ணெய்க் கட்டிகளைக் கொடுத்தது. எனக்கு மனம் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடம் தினமும் இப்படியொரு பலகையில் கை வைத்தவன் நான். கற்பனைக் கருவியில் போட்டுத் தள்ளுகோலைப் பாதிக்குக் கொஞ்சம் கீழே வரை தள்ளினேன். கிராஃபிக்ஸ் கார்டு உறுமியது. குளிர்காலத்தில் அந்தச் சூடே எனக்கு அடுப்பு.

வந்தது பாருங்கள்! பித்தளை பித்தளையாக, விளிம்பில் தேய்மானம், துளையில் அழுக்கு. எண்கள் மட்டும் புழு மாதிரி எதையோ கிறுக்கியிருந்தது. அந்த வகைக் கருவிக்கு எழுத்தும் எண்ணும் வராது. எழுத்து மாதிரித் தெரிந்தால் போதும் என்று வரைந்துவிடும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் கையெழுத்துப் போட்டேன். அதனால் எனக்குக் கோபம் வரவில்லை. கிறுக்கலை அழித்துவிட்டு எண்களைக் கையால் போட்டேன். ஐந்து வாரம். பழைய படத்தில் எண் படிக்கவே முடியாது என்பதால், நானே எண் கொடுத்தேன். என்னோடு கீழே இறங்கிய கூட்டத்து ஆட்களின் எண் எனக்கு மனப்பாடம். 2261 எவால்ட், 2270 பெருத்த ரூடா, 2258 பாட்டுக்காரன் பவுல். பாதிப் பேர் செத்துவிட்டார்கள். மீதிப் பேர் எங்கே என்று தெரியாது. எல்லாரையும் மாட்டினேன்.

என்னுடையதை எங்கே போடுவது? தொண்ணூற்றாறில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுத்தமாக, பளிச்சென்று வந்திருந்தது. மூன்றாம் வரிசை, இடமிருந்து ஏழாவது. எனக்கென்றே செய்ததுபோல. அதில் 2264 என்று பொறித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை தொகுப்பை வெளியிட்டோம். சனிக்கிழமை மாலைக்குள் நாலாயிரம் பேர் இறக்கிக்கொண்டார்கள். கீழே கருத்துகள். நான் ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'சுவரைத் தொடலாம் போல இருக்கிறது.' 'என் சிறுவயசைத் திருப்பிக் கொடுத்தீர்கள்.' அதற்குக் கீழே, ஒரே வரி:

'மூன்றாம் வரிசை, ஏழாவது கொக்கி. 2264 யார்?'

எழுதியவர் பெயர் பியோன்டெக் என்று இருந்தது. எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒரு பியோன்டெக் உண்டு.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாலாயிரம் பேரில் ஒருவர் என் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டார்! பழைய சுரங்கத்து ஆள்தான், சந்தேகமில்லை. ரொட்டி வாங்கப் போக வேண்டும் என்பதையும் மறந்து, கால் மணி நேரம் தட்டினேன்: 'அது நான்தான்! அலோய்ஸ். நீங்க எந்தக் கூட்டம்? எவால்டைத் தெரியுமா?' வீட்டு முகவரி, தொலைபேசி எண் எல்லாம் சேர்த்து, அவருக்கு மட்டும் தெரியும்படி அனுப்பினேன். பிறகு ஒரு மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை தொலைபேசி அடித்தது. ஞாயிறு காலையில் எனக்கு யாரும் அடிப்பதில்லை.

"அலோய்ஸா?" வயதான குரல். "நான் கெரார்ட் பியோன்டெக். அந்த விளையாட்டுக்குச் சுவரெல்லாம் வரைஞ்சவன்."

எழுந்து நின்றுவிட்டேன். அந்தப் பெயரை விளையாட்டின் கடைசியில் ஓடும் பட்டியலில் எத்தனை தடவை எழுத்துக் கூட்டியிருப்பேன்! பாதிரியார் கூப்பிட்டாற்போல நின்றேன்.

"ஐயா... நீங்களா? உங்களைத் தேடாத இடமில்லையே. மூலப்படம் கேட்டுப் போக்னா மூணு கடுதாசி போட்டா."

"வந்துச்சு. பதில் எழுதல. சரி, அந்தக் கொக்கியில மாட்டினது நீங்கதானே?"

"நம்பர் நான் போட்டது ஐயா. நல்லா வந்திருக்கில்ல?"

அவருக்குப் பின்னால் ஒரு பெண் ஏதோ கேட்பது காதில் விழுந்தது.

"அந்தக் கொக்கி காலி" என்றார். "அங்க எதுவும் கிடையாது. வாங்க நேர்ல. மிகோவூஃப்ல இருக்கேன். முடிஞ்சா இன்னிக்கே."

போகும் முன் பழைய படத்தைத் திறந்து புள்ளி புள்ளியாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். மற்ற எல்லாக் கொக்கியிலும் மஞ்சள் புள்ளிகள் இருந்தன. மூன்றாம் வரிசை ஏழாவதில் மஞ்சளே இல்லை. பலகையின் பழுப்பு, அதன் ஓரத்தில் பிறை மாதிரிக் கறுப்பாகச் சில புள்ளி. எண்ணினேன். எட்டு. மூன்று வருடமாக என் கையில் இருந்த படம், ஐந்து வாரம் கண் எரிய எரிய வேலை செய்த படம். இருபத்திரண்டு வருடம் மேலே வந்ததும் பலகையில் காலிக் கொக்கி உண்டா என்று தேடிய ஆள் நான். எனக்குத் தெரியவில்லை. அது ஏன் அவ்வளவு சுத்தமாக வந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. மற்ற வில்லைகளில் கருவி பழைய அழுக்கோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இதில் அடியில் ஒன்றுமே இல்லை. இஷ்டத்துக்கு வரைந்திருக்கிறது.

மிகோவூஃபில் மூன்றாம் மாடி. கெரார்டுக்கு எழுபது இருக்கும். கம்பளி மேல்சட்டை, விரல் நுனியில் பெயின்ட் கறை. கதவைத் திறந்தவள் அவர் தம்பி மகள் லிடியா. முப்பது வயது இருக்கலாம். மேசையில் கசகசா கேக், கண்ணாடிக் குவளையில் தேநீர். கணினியில் எங்கள் தொகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. பலகை முன்னால் நிறுத்திவைத்திருந்தார்கள்.

"இவர்தான் இரண்டாயிரத்து இருநூத்தி அறுபத்து நாலு" என்றார் கெரார்ட், அவளிடம்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உயிரோடதான் இருக்கார் போல."

"என்ன பேச்சு இது? உக்காருங்க அலோய்ஸ். கேக் எடுங்க."

நான் எடுக்கவில்லை. கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டேன்.

"என் தம்பி ஹூபெர்ட்" என்றார் கெரார்ட். "தொண்ணூத்தேழுல மேல்கூரை விழுந்துச்சு. ஒன்பது நாள் தேடினாங்க. நான் ஒன்பது நாளும் அந்த அறையிலதான் நின்னேன். பலகையில அவன் கொக்கி மட்டும் காலி. பத்தாம் நாள் கொண்டுவந்தாங்க. எப்படின்னு சொல்ல வேண்டாம், உங்களுக்கே தெரியும். வில்லை அவன் சட்டைப் பையிலயே இருந்திருக்கு. குமாஸ்தா எடுத்துத் துடைச்சு, கொக்கியில மாட்டினான். அவன் மேலயும் தப்பில்ல. சுரங்கத்து விதி அப்படி. ஆளு மேல வந்தாச்சு, கணக்கு சரி."

"ஆமா" என்றேன். விதி அப்படித்தான்.

"அடுத்த வருஷம் விளையாட்டுக்காக அங்க போய்ப் பலகையைப் போட்டோ எடுத்தேன். தொண்ணூத்தாறும் ரொம்பியிருந்துச்சு. ஊருக்குக் கணக்கு சரியாயிடுச்சு. எனக்கு ஆகல. கணினியில போட்டுச் சின்னதாக்கி, அவனோடதை மட்டும் பழுப்பு வெச்சு மூடிட்டேன். அஞ்சு நிமிஷ வேலை."

"நிழலை விட்டுட்டீங்க" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

"என்னது?"

"வில்லையை மூடினீங்க ஐயா, அது பலகை மேல விழுந்த நிழலை மூடல. எட்டுப் புள்ளி. கருவி அந்த நிழலைப் பார்த்துட்டு, நிழல் இருந்தா மேல ஒரு வில்லை இருக்கணுமேன்னு அதுவே செஞ்சிடுச்சு. சுத்தியும் வில்லையா இருக்கு வேற. காலியா விட அதுக்குத் தெரியாது. நான் பார்த்திருக்கணும். நானும் பார்க்கல. பளபளன்னு இருந்துச்சேன்னு என் நம்பரைப் போட்டுட்டேன்."

கெரார்ட் திரையின் அருகே குனிந்தார்.

லிடியாதான் பேசினாள். "எனக்கு அப்போ ரெண்டு வயசு. அப்பா முகம்கூட ஞாபகமில்ல. பெரியப்பா என்னை மடியில வெச்சு இந்த விளையாட்டைப் போட்டுக் காட்டுவார். 'எண்ணு பாப்போம், மூணாவது வரிசை'ன்னுவார். திரையில விரல் வெச்சு எண்ணுவேன். ஏழு வந்ததும், 'அது உங்கப்பா கொக்கி'ன்னுவார். எண்ணக் கத்துக்கிட்டதே அதுல. என் பையனுக்கு இப்போ நாலு வயசு. வெள்ளிக்கிழமை உங்க தொகுப்பைப் போட்டு, வா ராஜா எண்ணலாம்னு உக்கார வெச்சேன். 'அம்மா, ஏழாவதுல நம்பர் இருக்கே'ன்னான்."

தேநீர் ஆறிப்போயிருந்தது. குடித்தேன். எதையாவது செய்ய வேண்டுமே.

"காலி பண்ணிக் குடுங்க" என்றார் கெரார்ட். "மத்ததெல்லாம் அழகா இருக்கு. உங்க நம்பரைப் பக்கத்துலயே வேற வில்லையில போட்டுக்கங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. அந்த ஒரு கொக்கி மட்டும்."

"செவ்வாய்க்கிழமைக்குள்ள" என்றேன்.

திங்கட்கிழமை கிடங்கிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தேன். கருவியிடம் அந்த ஒரு சதுரத்தை மட்டும் கொடுத்து, காலிக் கொக்கி என்று எழுதி, திரும்ப வரையச் சொன்னேன். வில்லை வந்தது. கருவி எங்கிருந்து வரையத் தொடங்குகிறது என்பதற்கு ஒரு எண் உண்டு, அதை மாற்றினேன். வில்லை. தள்ளுகோலை இறக்கினேன். உருகிய வில்லை. பதினாறு தடவை செய்து பார்த்தேன். ஒரு தடவை சாவி மாட்டியது, ஒரு தடவை பொத்தான் மாதிரி எதையோ. சும்மா விட்டது ஒரு தடவையும் இல்லை.

சரி என்று கையால் வரைந்தேன். ஒரு கொக்கி, பின்னால் பலகை மரம். நேர்த்தியாகவே வந்தது. கெரார்டுக்கு அனுப்பினேன். சிறிது நேரத்தில் கூப்பிட்டார்.

"கோவிச்சுக்காத அலோய்ஸ்." நேற்றுவரை நீங்கள் என்றவர், நீ என்றார். "இது ஆளே சேராத கொக்கி மாதிரி இருக்கு. புது ஆளுக்குன்னு வெச்சிருப்பாங்களே, அந்த மாதிரி. அவன் வேலைக்கு வந்தவன்டா. வில்லை இருந்துச்சு."

உண்மைதான். நான் அதை யோசிக்கவில்லை. வருடக்கணக்கில் வில்லை தொங்கிய இடம் தேய்ந்திருக்கும். தேய்மானம் போட்டேன், அவருடைய எட்டுப் புள்ளி நிழலையும் வரைந்தேன். பெரிய அளவில், கூர்மையாக, இல்லாத வில்லையின் நிழல். அது இன்னும் மோசம். போக்னாவிடம் காட்டியபோது, "அது என்ன, யாரோ காபியைக் கொட்டின கறையா?" என்றாள்.

செவ்வாய் ஐந்து மணிக்கு மூவரும் கூடினோம். எல்லாவற்றையும் சொன்னேன். தள்ளுகோலைத் தள்ளியது, என் எண்ணைப் போட்டது, எல்லாம்.

பிறகு இரெனெயுஷ், "பெரியவரே, நான் அந்த அறையில நூறு வாட்டி நின்னிருக்கேன். அந்த 2264ஐப் பார்த்து, ஆஹா என்னமா வரைஞ்சிருக்கார்னு நினைச்சேன்" என்றான்.

"கால் பங்குன்னு சொன்னேனா இல்லையா?" என்றாள் போக்னா.

"சொன்னே."

"காது கேக்காத மாதிரி நடிக்கிறது, அப்புறம் மூஞ்சியைத் தொங்கப் போடறது. இங்கயிருந்தே தெரியுது உங்க மூஞ்சி. சரி, இப்போ என்ன பண்ணணும்?"

"அந்தக் கோப்பை எடுத்துடலாம்" என்றேன்.

"எடுத்துட்டு?"

"ஒண்ணும் வைக்க வேணாம். ஃபோல்டர்ல அந்த நம்பர்ல கோப்பு இல்லைன்னா பழசைத்தானே போடும்? கெரார்ட் செஞ்சது அப்படியே வந்துடும். சின்ன அளவுலதான் அது சரியா இருக்கு. பெருசாக்கினா அங்க ஏதாவது ஒண்ணு இருந்தாகணும். அவர் அங்க ஒண்ணும் வேணாம்னுதான் மூடினார்."

போக்னா மூச்சு விடுவது கேட்டது. "விளையாட்டு ஆரம்பிக்கிற அறை அது. முதல் சுவர். சுத்தியும் பளிச்சுன்னு இருக்கும், நடுவுல ஒரு சேறு. மூணு வருஷம் செஞ்சிட்டு, முதல் சுவரை மறந்துட்டாங்கன்னு சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். என் பேரைப் போட்டுடு, நான்தான் விட்டேன்னு."

"உங்க பேரை ஏன் போடணும்? விட்டா மூணு பேரும் சேர்ந்து விட்டதுதான்." பிறகு கேட்டாள். "அந்தப் பலகையில மத்த நம்பரெல்லாம் யாரு? சும்மா போட்டதா?"

"எங்க ஆளுங்க."

"அஞ்சு வாரம் அதுக்குத்தானா? நான் வேற, ஒரே படத்தை வெச்சு உருட்டிக்கிட்டிருக்கீங்கன்னு திட்டினேனே." குரல் இறங்கியது. "அவங்களும் போயிடுவாங்களே, அலோய்ஸ்."

அவள் அதுவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எப்போதும் பெரியவர்தான்.

"அவங்க எல்லாரும் மேல வந்தவங்க" என்றேன். "போனா பரவாயில்ல."

கோப்பை நான்தான் நீக்கினேன். பெயர் பதினாறு இலக்க எண். ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, ஃபோல்டரிலிருந்து எடுத்து, என் கணினியில் வேறு இடத்தில் போட்டேன். இரெனெயுஷ் புதிய பதிப்பை ஏற்றினான். மாற்றங்கள் என்ற தலைப்பின் கீழ் போக்னா ஒரு வரி எழுதினாள்: 'வில்லைப் பலகை: மூலப்படமே.'

அன்று இரவே கெரார்டிடமிருந்து ஒரு படம் வந்தது. செய்தி ஒன்றும் எழுதவில்லை. கணினித் திரையில் மங்கலான பலகை, அதன் மேல் ஒரு குழந்தையின் விரல். நகத்தில் மண். நான் பதில் எழுத உட்கார்ந்து, எவால்டைப் பற்றி, பவுலின் பாட்டைப் பற்றி, எப்போதாவது தேநீருக்கு வரலாமா என்பது பற்றி நிறையத் தட்டினேன். திரும்பப் படித்தேன். எல்லாம் என்னைப் பற்றியே இருந்தது. அழித்துவிட்டு, சுரங்கத்தில் எதிர்ப்படும்போது சொல்வோமே, அதை மட்டும் அனுப்பினேன்: 'கடவுள் துணை.' அவரும் அதையே திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு தொலைபேசி அடிக்கவில்லை.

புதிய பதிப்பின் கீழும் கருத்துகள் வந்தன. மூன்றாவதே இப்படி: 'தோழர்களே, ஒன்றை விட்டுவிட்டீர்கள். முதல் அறையில் பலகை இன்னும் பழையது. கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள்.' கீழே அறுபது பேர் சிரித்திருந்தார்கள். போக்னா பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கிடங்கிலிருந்து இரண்டரை மணிக்கு வந்தேன். ஐந்து மணி ஆக இன்னும் நேரம் இருந்தது. கார்டுக்கு இனிப் பெரிய வேலை இல்லை, விசிறி சத்தமில்லாமல் ஓடியது. அறை குளிர்ந்திருந்தது. மேல்கோட்டைக் கழற்றாமலே விளையாட்டைப் போட்டேன்.

செங்கல்லில் காரை தெரிந்தது. பெஞ்சின் மரத்தில் ஆணித்தலை தெரிந்தது. கதவின் துருவைச் சுரண்டினால் நகத்தில் ஒட்டும் போல இருந்தது. எல்லாம் நான் செய்தது. பலகை மட்டும் கண்ணில் நீர் கோத்தாற்போல மங்கல். யார் எண்ணும் இல்லை. எவால்ட் இல்லை, பவுல் இல்லை, நான் இல்லை. எது நிறைந்தது, எது காலி என்று சும்மா பார்த்தால் தெரியாது. விரல் வைத்து எண்ண வேண்டும்.

எண்ணினேன்.